பேச்சு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது

கேள்வி: திருமணமாகி நான்கு ஆண்டுகள். கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், நான் திருச்சியில். இரவில் வாட்ஸ்அப்பில் மணிக்கணக்கில் பேசுகிறோம். பாதி நாள் அது சண்டையாகி, கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் என்னை அடித்ததில்லை, கெட்ட வார்த்தையும் பேசுவதில்லை. ஆனால் போனை வைத்த பிறகு, நான் எதற்கும் உதவாதவள் என்று தோன்றுகிறது. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதானா? எப்போது வெளியில் உதவி கேட்க வேண்டும்?

பதில்:

குடும்பநல ஆலோசகராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் போனை நீட்டி ஒரே ஒரு வரியைக் காட்டுவார்கள். “இதைப் படித்துப் பாருங்கள், இப்படிச் சொல்லலாமா?” என்பார்கள். ஒற்றை வரியை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை. “உனக்கு ஒன்றும் தெரியாது” என்ற பேச்சு, நாற்பது ஆண்டுகள் ஒற்றுமையாக வாழ்ந்த வீட்டிலும் கேட்கும். அவர் உங்களை ‘நீ’ என்றும் நீங்கள் அவரை ‘நீங்கள்’ என்றும் எழுதுவதும் நம் ஊர் வழக்கம்தான். அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ‘வாடி, போடி’ சில வீடுகளில் செல்லம், சில வீடுகளில் அவமதிப்பு.

அதனால் வரியை விட்டுவிட்டு ஒரு முழு இரவின் உரையாடலைக் கேட்பேன். பிறகு இரண்டு மூன்று மாத உரையாடல்களைக் கேட்பேன். அடக்கி ஆளும் பேச்சு சொல்லில் ஒளிந்திருப்பதைவிட வரிசையில் ஒளிந்திருக்கும். எந்த விஷயத்தில் தொடங்கினார்கள், எந்த விஷயத்தில் முடித்தார்கள், இடையில் யார் விளக்கம் சொல்லிக்கொண்டே போனார்கள், மறுநாள் யாருடைய வாழ்க்கை சற்றுச் சுருங்கியது என்று பார்க்க வேண்டும்.

ஓர் இரவின் உரையாடலைக் காட்டுகிறேன். என்னிடம் வந்த பலருடைய அனுபவங்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதியது. அவர்கள் பேச்சு வழக்கில் எழுதியதை எழுத்து வழக்கில் தருகிறேன்.

இரவு 7.40க்கு அவள் எழுதுகிறாள்: “சனிக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. காலையில் போய்விட்டு சாயங்காலம் வந்துவிடுகிறேன்.” அவன்: “யாரைக் கேட்டு முடிவு செய்தாய்?” அவள்: “உங்களைக் கேட்கத்தானே எழுதுகிறேன்.” அவன்: “எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கேட்பதற்குப் பெயர் கேட்பதா?” அவள்: “சரி, போகலாமா, சொல்லுங்கள்.” அவன்: “நான் எப்போதாவது போகாதே என்று சொல்லியிருக்கிறேனா? என்னைக் கொடுமைக்காரனாகக் காட்டுவதே உனக்கு வேலை.”

இங்கே சற்று நிற்போம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. சொன்னால் கேட்காமல் முடிவு செய்தவள். கேட்டால் அவனைக் கொடுமைக்காரனாகக் காட்டுகிறவள். வளைகாப்பைப் பற்றிய பேச்சு அத்தோடு காணாமல் போய்விட்டது. இனி அவளுடைய குணத்தைப் பற்றிய விசாரணைதான் நடக்கும்.

8.15 முதல் அவள் நீளமாக விளக்குகிறாள்: கொடுமைக்காரன் என்று நினைக்கவே இல்லை, அம்மா நேற்றுதான் தேதியைச் சொன்னார், பஸ்ஸில்தான் போவேன், இரவு தங்க மாட்டேன். அவன்: “உங்கள் வீட்டுக்குப் போய் வந்தாலே நீ வேறு ஆளாகிவிடுகிறாய். உன் அம்மா ஓதி அனுப்புகிறார்.” 8.50க்கு: “ஒரு காஸ் சிலிண்டர் ஒழுங்காகப் பதிவு செய்யத் தெரியாது. ஊர் சுற்ற மட்டும் தெரியும்.” அவள்: “இப்படிச் சொன்னால் மனது கஷ்டமாக இருக்கிறது.” அவன்: “விளையாட்டுக்குச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் அழுகை. உன் மனநிலையே சரியில்லை, யாரிடமாவது காட்ட வேண்டும்.”

பிறகு மௌனம். 9.20 முதல் 11.05 வரை அவன் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூட இல்லை. அவள் பதினான்கு செய்திகள் அனுப்புகிறாள். ஒவ்வொன்றிலும் நீல டிக் விழுகிறது. 11.05க்கு அவன்: “தலை வெடிக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் அதற்கு நீதான் காரணம்.” அவள்: “மன்னித்துவிடுங்கள். நான் போகவில்லை.” அவன்: “நான் போக வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நீயாகத்தான் முடிவு செய்தாய்.” 11.30க்கு: “உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நல்ல பிள்ளையாகத் தூங்கு.”

இந்த உரையாடலில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. தடையும் இல்லை, “போகாதே” என்று அவன் எங்கும் எழுதவில்லை. அவள் யாரிடமாவது இதைக் காட்டினால், “அவர்தான் போகாதே என்று சொல்லவில்லையே, நீ ஏன் போகவில்லை?” என்றுதான் கேட்பார்கள். அவளும் தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொள்கிறாள். ஆனால் மூன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு நடந்திருப்பது இதுதான்: அக்காவின் வளைகாப்புக்குத் தங்கை போகவில்லை, அந்த முடிவுக்கான பொறுப்பும் அவள் தலையிலேயே விழுந்திருக்கிறது.

அந்த 11.30 செய்தியைக் கவனியுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு மிகவும் குழப்பம் தருவது இந்தக் கனிவுதான். “அவர் நல்லவர்தான் சார், சண்டை முடிந்ததும் அவ்வளவு அன்பாகப் பேசுவார்” என்பார்கள். அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை அவனே அதை நம்பியிருக்கலாம். அது எப்போது வருகிறது என்பதுதான் என் கேள்வி. நீங்கள் விட்டுக்கொடுத்த பிறகு மட்டும் வருகிற கனிவு, விட்டுக்கொடுக்கப் பழக்குகிறது. நீங்கள் உறுதியாக நின்ற இரவிலும் எப்போதாவது அது வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மௌனத்தைப் பற்றியும் ஒரு சொல். கோபத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். “எனக்குக் கோபமாக இருக்கிறது, காலையில் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போனால் அது ஓய்வு. செய்திகளைப் படித்துக்கொண்டே பதில் தராமல், மற்றவர் கெஞ்சும்வரை காத்திருந்தால் அது தண்டனை. இரண்டையும் பிரிப்பது எளிது: அவர் திரும்பி வந்ததும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, அல்லது நீங்கள் மன்னிப்புக் கேட்டால்தான் தொடர்கிறதா?

சாதாரணச் சண்டை இப்படி இருக்காதா என்று கேட்பீர்கள். இதைவிட மோசமான சொற்களோடுகூட இருக்கும். இரண்டு பேரும் கத்துவார்கள், ஒருவர் மாமியாரை மற்றவர் இழுப்பார். ஆனால் மூன்று மாத உரையாடலைப் படித்தால் மன்னிப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கும். “மனது கஷ்டமாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், உடனே இல்லாவிட்டாலும் மறுநாளாவது அது காதில் விழுந்ததற்கான அடையாளம் தெரியும். அதே சண்டை அடுத்த மாதம் வந்தாலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே கோபம் இருக்கும், பயம் இருக்காது. நீங்களும் கடுமையாகப் பேசியிருக்கலாம். பழைய உரையாடலைப் படிக்கும்போது உங்கள் வரிகளே உங்களைச் சுடலாம். அதனால் கணக்குச் சமம் என்று மூடிவிடாதீர்கள். யார் எத்தனை முறை திட்டினார்கள் என்பதைவிட, யார் யாருக்குப் பயந்து பேச்சை மாற்றினார்கள் என்பதையே நான் பார்ப்பேன்.

உங்கள் உரையாடலை நீங்களே படிப்பதானால், சமீபத்தில் நடந்த ஐந்தாறு நீண்ட சண்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில், மனது நிதானமாக இருக்கும்போது படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். முதல் செய்தி எதைப் பற்றியது. கடைசி மன்னிப்பு எதற்காக. மறுவாரம் நீங்கள் எதைச் செய்யாமல் விட்டீர்கள். நான் சொன்ன பெண் இப்படி எழுதியபோது மூன்றாவது பகுதியில் வந்தவை: வளைகாப்பு, அலுவலகத் தோழியின் வீட்டுக் கிரகப்பிரவேசம், சனிக்கிழமைத் தையல் வகுப்பு, சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு. கார்டை அவன் பிடுங்கவில்லை. “உன் சம்பளம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை” என்று மூன்று இரவுகள் பேச்சு நடந்தது; நான்காம் நாள் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். தாளைப் பார்த்துவிட்டு அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் தேட வேண்டும்: நீங்கள் பேசுவதையே நிறுத்திவிட்ட விஷயங்கள். பத்து மாதங்களுக்கு முன் தம்பியைப் பற்றி, மேலாளரைப் பற்றி, வாங்க நினைத்த புத்தகத்தைப் பற்றி எழுதியிருப்பீர்கள். இப்போது அவை உரையாடலில் இல்லை. சண்டை குறைந்துவிட்டது என்று சிலர் நிம்மதியோடு சொல்வார்கள். படித்துப் பார்த்தால் சண்டைக்கு இடம் தரக்கூடிய எல்லாவற்றையும் அவர்களே வெட்டி எறிந்திருப்பார்கள்.

அக்கறையின் மொழியில் வரும் கட்டுப்பாட்டையும் இதே கண்ணால் பார்க்கலாம். “வீட்டுக்குப் போய்விட்டாயா?” என்பது அன்பான கேள்வி. இருப்பிடத்தை எந்நேரமும் பகிரச் சொல்வதும், வீடியோ அழைப்பில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வதும் வேறு. எங்கே கோடு போடுவது என்று தெரியாவிட்டால், அரை மணி நேரம் பதில் தர முடியாமல் போன ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அவர் கவலைப்பட்டிருந்தால், உங்கள் குரலைக் கேட்டதும் கவலை தீர்ந்திருக்கும். விசாரணை தொடங்கியிருந்தால் அது கவலை இல்லை.

வார்த்தைகளுக்கு இவ்வளவு எடை தருவது மிகை என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நெருங்கிய உறவில் திரும்பத் திரும்ப அல்லது தொடர்ச்சியாக நடக்கும் கட்டுப்படுத்தும் நடத்தையையே தனிக் குற்றமாக்கியது. அடி விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதன் மூன்றாம் பிரிவிலேயே சொற்களாலும் மனத்தளவிலும் செய்யப்படும் கொடுமையை வன்முறை என்கிறது. அவமதிப்பு, ஏளனம், குறிப்பாகக் குழந்தை இல்லை அல்லது ஆண் குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவது, உங்களுக்கு வேண்டியவர்களுக்குத் தீங்கு செய்வதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுவது ஆகியவை அதில் அடங்கும். பண வழியில் முடக்குவதும் வன்முறைதான். ஆகவே “அடிக்கவில்லையே” என்பது உதவி கேட்பதற்குத் தடை இல்லை.

இனி, எப்போது என்ற கேள்வி. ஒரு செய்தியை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அவருக்குக் கோபம் வராத வடிவம் கிடைக்கும்வரை அனுப்பத் தயங்குகிறீர்கள் என்றால், யாரிடமாவது பேச அதுவே போதுமான காரணம். போனை வைத்ததும் உங்களையே உதவாதவளாக நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் நீங்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் கணவரை நான் அறியேன், ஒரு பக்கக் கதையை வைத்து அவருக்குப் பெயர் சூட்ட மாட்டேன். உங்களுக்கு ஒரு காது தேவை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சில அறிகுறிகள் தெரிந்தால் உரையாடலைப் படித்து ஆராய வேண்டாம், உடனே உதவி தேடுங்கள். கழுத்தைப் பிடித்தது ஒரே ஒரு முறை என்றாலும், காயமே இல்லை என்றாலும், அது பின்னால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதற்கான மிக வலுவான அறிகுறி. “உன் படங்களை எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்”, “குழந்தையை இனிப் பார்க்க மாட்டாய்” போன்ற மிரட்டல்களும், கர்ப்ப காலத்தில் கூடும் கோபமும் அப்படித்தான். பிரிந்து போகப் போவதாகச் சொல்லும் நாளும் போன பின்பான முதல் வாரங்களும் பொதுவாக ஆபத்து கூடுகிற காலம். போகிற முடிவை வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டுப் போகாதீர்கள். “நீ போனால் செத்துவிடுவேன்” என்று அவர் சொன்னால் அதை விளையாட்டாக விடவும் வேண்டாம், அதற்காகப் பணியவும் வேண்டாம். 112ஐ அழையுங்கள், அவருடைய அண்ணனுக்கோ நண்பருக்கோ அப்போதே தெரிவியுங்கள். அவருக்குத் தேவையான உதவி அந்த வழியில்தான் போய்ச் சேரும். உங்களுக்கே வாழ வேண்டாம் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மற்றபடி முதல் அழைப்புக்கு 181 என்ற மகளிர் உதவி எண் ஏற்றது. புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பேசவும் விவரம் கேட்கவும் அழைக்கலாம். “அடிக்கவில்லை, ஆனால் பேச்சால் என்னை முடக்குகிறார், பயமாக இருக்கிறது” என்று அந்த வரிசையில் சொல்லுங்கள். பலர் “பெரிதாக ஒன்றுமில்லை” என்று தொடங்குவதால் கேட்பவரும் லேசாக எடுத்துக்கொள்கிறார். வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்காக மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு நேரிலும் போகலாம்.

சட்டத்தின் வழியில் போக முடிவு செய்தால், சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் செல்லுங்கள். அவர் குடும்ப வன்முறை அறிக்கை தயாரித்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். விவாகரத்து கேட்காமலேயே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். போனிலோ இணையத்திலோ தொடர்புகொள்ளக் கூடாது என்றுகூட அதில் தடை விதிக்க முடியும். அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மனு கொடுத்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அறுபது நாட்களுக்குள் முடிவு என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. இந்தச் சட்டம் திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்களுக்கும் பொருந்தும், ஆண்களுக்குப் பொருந்தாது. ஆனால் மனைவியின் பேச்சால் முடங்கிய ஆண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். உரையாடலைப் படிக்கும் முறை அவர்களுக்கும் இதுவேதான்.

ஓர் எச்சரிக்கை. காவல் நிலையமோ குடும்பப் பெரியவர்களோ முதலில் செய்ய நினைப்பது, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது. அடக்கி ஆள்வது நடக்கும் உறவில் இது பெரும்பாலும் தவறான முதல் படி. அவர் முன்னால் நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள். சொன்னால், அன்றிரவு அதுவே சண்டையின் பொருளாகும். “முதலில் என்னிடம் தனியாகப் பேசுங்கள்” என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல ஆலோசகர் நீங்கள் கேட்காமலேயே அதைச் செய்வார்.

உரையாடலைப் பாதுகாப்பதிலும் கவனம் தேவை. முதலில் வாட்ஸ்அப் அமைப்புகளில் Linked devices என்ற பகுதியைத் திறந்து, நீங்கள் அறியாத கணினி ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கியது அவருக்குத் தெரியவரும். அதை ஆலோசகரிடம் சொல்லிவிட்டு முடிவு செய்யலாம். பிறகு Export chat மூலம் உரையாடலை, அவருக்குக் கடவுச்சொல் தெரியாத மின்னஞ்சலுக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ அனுப்புங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத வரிகளையும் வெட்டாமல் முழுதாக அனுப்புங்கள். மூலச் செய்திகளைப் போனில் அழிக்காமல் வைத்திருங்கள். நீங்கள் எழுதிய அந்தத் தாளை வீட்டில் வைக்க வேண்டாம், அலுவலக மேசையில் இருக்கட்டும்.

181ஐ அழைத்தால் அந்த எண் உங்கள் போனின் அழைப்புப் பட்டியலில் நிற்கும். ஊருக்கு வரும்போது அவர் போனை எடுத்துப் பார்ப்பவர் என்றால், அலுவலகத் தொலைபேசியிலிருந்தோ பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்தோ அழையுங்கள்.